ஒரே திரவம், மூணு பாட்டில்: லேபிள்ல வர்ற ‘தோற்றம்’ங்கற வார்த்தையோட கதை

கேள்வி: ஆன்டி ஏஜிங் சீரம் டப்பால எல்லாம் "சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்க உதவுகிறது"ன்னு சுத்தி வளைச்சே எழுதுறாங்க. குறைக்கும்னா குறைக்கும்னு நேரா எழுத வேண்டியதுதானே? மருந்து அட்டையில இப்படி எழுத விடுவாங்களா? இதையெல்லாம் யாரும் செக் பண்றதே இல்லையா?

செக் பண்றாங்க, அதனாலதான் அப்படி வளைஞ்சு நிக்குது. நான் ரொம்ப வருஷமா காஸ்மெடிக்ஸ் லேபிள் வாசகம் சரிபாக்கற வேலையில இருக்கேன், எங்க டேபிளுக்கு வர்றப்ப அந்த வரி "சுருக்கங்களை நீக்கும்"னு நேராத்தான் வரும். அதுல "தோற்றம்"ங்கறதையும் "உதவும்"ங்கறதையும் சொருகி அனுப்பறதே எங்கள மாதிரி ஆளுங்கதான். பொய் சொல்லக் கூடாதேன்னு பண்றோம்னு நெனச்சுடாதீங்க, காரணம் வேற. அந்த ரெண்டு வார்த்தை இல்லன்னா டப்பாக்குள்ள இருக்கற அதே க்ரீம் சட்டத்தோட கண்ணுக்கு மருந்தா மாறிடும், அனுமதி வாங்காத மருந்த வித்த குத்தத்துக்கு கம்பெனி பதில் சொல்லணும்.

க்ரீம்ல ஒரு சொட்டு கூட மாறல, அப்புறம் எப்படி மருந்தாகும்னு கேப்பீங்க. இந்த எடம் புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். அமெரிக்காவுல 1938ல வந்த சட்டத்துலயும் இந்தியாவுல 1940ல வந்த சட்டத்துலயும் காஸ்மெடிக்குக்கு வரையறை கிட்டத்தட்ட ஒண்ணுதான்: உடம்பு மேல பூசவோ தேய்க்கவோ தெளிக்கவோ செஞ்சு, சுத்தம் பண்றதுக்கு, அழகு படுத்தறதுக்கு, தோற்றத்த மாத்தறதுக்கு "உத்தேசிக்கப்பட்ட" பொருள். மருந்துன்னா நோயக் குணப்படுத்தவோ தடுக்கவோ, இல்ல உடம்போட அமைப்பையோ செயல்பாட்டையோ பாதிக்கவோ "உத்தேசிக்கப்பட்ட" பொருள். ரெண்டுலயும் தாங்கி நிக்கறது அந்த உத்தேசம்ங்கற வார்த்தைதான். உத்தேசம் கம்பெனிக்காரன் மனசுக்குள்ள இருக்கற விஷயம், அத அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பாரு? டப்பால என்ன எழுதியிருக்க, விளம்பரத்துல என்ன சொல்லியிருக்கன்னு பாப்பாரு. ஒரு பொருளுக்குள்ள என்ன இருக்குங்கறத விட, அதப் பத்தி நீ என்ன பேசுறங்கறதுதான் பெரும்பாலும் அது எந்தப் பக்கம் நிக்குதுன்னு முடிவு பண்ணுது.

இதுக்கு நான் புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு எப்பவும் சொல்ற கேஸ் ஒண்ணு இருக்கு. 1960கள்ல அமெரிக்காவுல மூணு லோஷன் வந்துச்சு, பேரு சடன் சேஞ்ச், லைன் அவே, மேஜிக் சீக்ரெட். மூணுக்கும் ஆதாரமான சரக்கு ஒண்ணுதான், மாட்டு ரத்தத்துலேர்ந்து எடுத்த ஆல்புமின்ங்கற புரதத்த தண்ணியில கலந்த திரவம். முகத்துல தடவினா காஞ்சு மெல்லிசா ஒரு படலம் ஒட்டும், காயறப்ப அது சுருங்கறதால தோல லேசா இழுத்துப் பிடிக்கும், சின்னச் சின்ன கோடெல்லாம் சில மணி நேரம் மறைஞ்ச மாதிரி இருக்கும், மூஞ்சி கழுவினா பழையபடி ஆயிடும். முட்டை வெள்ளைக்கருவ முகத்துல தடவிக் காயவிட்டுப் பாத்தவங்களுக்கு அந்த இழுப்பு என்னன்னு தெரியும். இதுல எந்த மாயமும் இல்ல, தோலுக்குள்ள ஒண்ணும் நடக்கல.

அமெரிக்காவுல மருந்தையும் காஸ்மெடிக்கையும் கண்காணிக்கற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ மூணு மேலயும் பாஞ்சது, மூணுமே கோர்ட்டுக்குப் போச்சு. சடன் சேஞ்ச் விளம்பரத்துல "ஆபரேஷன் இல்லாம ஃபேஸ் லிஃப்ட்"னும், வீக்கத்தத் தூக்கி எடுத்துடும்னும் போட்டிருந்தாங்க. 1969ல அப்பீல் கோர்ட் இது மருந்துன்னு சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்புல எனக்குப் பிடிச்சது, விளம்பரத்த யாரோட கண்ணால படிக்கணும்னு அவங்க சொன்னதுதான்: விவரம் தெரிஞ்ச ஆளா இருந்து படிக்காத, விவரமில்லாம, யோசிக்காம, சொன்னத அப்படியே நம்பற வாங்குறவங்க எப்படிப் புரிஞ்சுப்பாங்களோ அப்படிப் படின்னாங்க. அதே வருஷம் லைன் அவே கேஸ் வேற ஒரு அப்பீல் கோர்ட்ல வந்துச்சு. அதுல ஃபேஸ் லிஃப்ட்னு பேச்சே இல்ல, ஆனா மருந்து தயாரிக்கற லேப்ல செஞ்சது, கிருமி புகாத சூழல்ல அடைச்சதுன்னு சுத்திச் சுத்தி ஒரு ஆஸ்பத்திரி வாசனைய அடிச்சு விட்டிருந்தாங்க. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, கொஞ்சம் மிகைப்படுத்தி அளக்கறதால மட்டும் ஒரு காஸ்மெடிக் மருந்தாயிடாது, ஆனா அந்த அளப்புல வைத்தியம் பண்ற தொனி பலமா இருந்தா கோட்டத் தாண்டினதாத்தான் அர்த்தம்னு. அதுவும் மருந்தாச்சு.

கடைசியா மேஜிக் சீக்ரெட். 1971ல தீர்ப்பு. இவங்க சொன்னது சுத்தமான புரதம், பூசினா தோல் இறுகற மாதிரி ஒரு உணர்வு வரும், அவ்வளவுதான், மத்த ரெண்டு அளவுக்கு அளக்கல. கோர்ட் இது காஸ்மெடிக்தான்னு விட்டுடுச்சு. அதே புரதம், அதே படலம், அதே இழுப்பு, ரெண்டு பாட்டில் மருந்து, ஒரு பாட்டில் காஸ்மெடிக்.

இப்ப நீங்க ஒரு கம்பெனி வக்கீலா இருந்து இந்த மூணு தீர்ப்பையும் படிச்சா என்ன கத்துப்பீங்க? தெளிவா சொன்னவன் மாட்டிக்கிட்டான், மழுப்பினவன் தப்பிச்சான். "இறுகற மாதிரி ஒரு உணர்வு"ன்னு சொல்லு, "இறுக்கும்"னு சொல்லாத. இன்னிக்கு நீங்க டப்பாவுல பாக்கற "தோற்றம்", "உணர்வு", "பாக்கறதுக்கு இளமையா", "உதவுது" எல்லாமே அந்தப் பாடத்தோட பேரப்பிள்ளைங்கதான். சட்டம் காஸ்மெடிக்குக்குக் குடுத்திருக்கற இடம் தோற்றத்த மாத்தறது, அதனால எந்த வாக்கியத்தையும் தோற்றம்ங்கற குடைக்குள்ள கொண்டு வந்துட்டா மழை படாது.

சரி, மருந்துன்னு ஆனா ஆகிட்டுப் போகுது, அனுமதி வாங்கிக்கலாமேன்னு தோணும். அங்கதான் செலவும் காலமும் வேற லெவல்ல இருக்கு. புது மருந்துன்னா மொதல்ல விலங்குகள்ல பாதுகாப்பு, அப்புறம் மனுஷங்கள்ல மூணு கட்டமா சோதனை, அதுல ஒரு கூட்டத்துக்கு மருந்து இருக்கற க்ரீம், இன்னொரு கூட்டத்துக்கு மருந்து மட்டும் இல்லாத அதே பேஸ் க்ரீம், யாருக்கு எதுன்னு பூசறவங்களுக்கும் தெரியாது மதிப்பிடற டாக்டருக்கும் தெரியாது. இத்தனையும் முடிச்சு ஃபைலக் குடுத்து, அவங்க பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் ஒரு ட்யூப் விக்கலாம். அது மட்டுமில்ல, லேபிள்ல என்ன எழுதறதுன்னு வரிக்கு வரி அவங்கதான் ஒத்துக்கணும். காஸ்மெடிக்குக்கு இது எதுவும் கெடையாது. அமெரிக்காவுல 2022 கடைசில வந்த திருத்தத்துக்கு அப்புறம் தொழிற்சாலையப் பதிவு பண்ணணும், பொருள் பட்டியலக் குடுக்கணும், பாதுகாப்பானதுன்னு காட்ட ஆதாரம் வச்சிருக்கணும், யாருக்காவது பெருசா பக்கவிளைவு வந்தா 15 வேலை நாளுக்குள்ள சொல்லணும்னு வந்திருக்கு, நல்லதுதான், ஆனா அங்கயும் பாருங்க, பேச்சு முழுக்க பாதுகாப்பப் பத்தித்தான். பூசினா வேலை செய்யுதான்னு விக்கறதுக்கு முன்னாடி இப்பவும் யாரும் கேக்கறதில்ல.

ஐரோப்பாவுல கொஞ்சம் மாறும். அங்க 2013லேர்ந்து காஸ்மெடிக் வாசகங்களுக்குன்னே ஆறு பொது அளவுகோல் இருக்கு, உண்மையா இருக்கணும், ஆதாரம் இருக்கணும், வாங்கறவங்க புரிஞ்சு முடிவெடுக்க உதவணும் அந்த மாதிரி. ஆதாரத்த ஒரு ஃபைல்ல போட்டு கம்பெனியே வச்சிருக்கணும், அதிகாரி வந்து கேட்டா எடுத்துக் காட்டணும். ஆனா முன்னாடியே யாரும் வாங்கிப் படிச்சு அனுமதி குடுக்கறதில்ல. அதோட, அந்த ஃபைல் நிரூபிக்க வேண்டியது நீங்க எழுதின வாக்கியத்த மட்டும்தான். "தோல் மென்மையா இருக்கற உணர்வு தரும்"னு எழுதியிருந்தா, பூசினவங்ககிட்ட மென்மையா இருந்துச்சான்னு கேட்டு வாங்கின பதிலே ஆதாரமா நிக்கும். வாக்கியம் எவ்வளவு லேசோ ஆதாரமும் அவ்வளவு லேசா இருந்தாப் போதும்.

இதோட வினோதமான பக்கம் ஒண்ணு இருக்கு, வெளியில நிறைய பேருக்குத் தெரியாது. காஸ்மெடிக் கம்பெனிக்கு தன்னோட க்ரீம் நிஜமாவே வேலை செய்யுதுன்னு பலமா நிரூபிக்கறதே ஆபத்து. ஏன்னா "எங்க க்ரீம் தோலுக்குள்ள கொலாஜன் உற்பத்திய அதிகமாக்குது, இதோ ஆதாரம்"னு நீ வெளியில சொன்ன நிமிஷம், உடம்போட செயல்பாட்ட மாத்த உத்தேசிச்சேன்னு நீயே கையெழுத்து போட்டுக் குடுத்த மாதிரி. எங்க ஆபீஸ்ல இதுக்காக நடந்த சண்டைக்கு கணக்கே இல்ல. லேப்ல இருக்கறவன் நல்ல ரிசல்ட் கொண்டு வந்து குதிப்பான், மார்க்கெட்டிங் அத வச்சு "செல்லப் புதுப்பிக்கும்"னு எழுதும், நாங்க அத "புத்துணர்வான தோற்றம்"னு அடிச்சுத் திருத்துவோம், மூணு பேருமே வீட்டுக்குப் போறப்ப கடுப்பாத்தான் போவோம்.

பெரிய கம்பெனி இப்படி மாட்டினதும் இருக்கு. 2012 செப்டம்பர்ல எஃப்.டி.ஏ லான்கோம் கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புச்சு. ஜெனிஃபிக்னு ஒரு வரிசை க்ரீமுக்கு மரபணுக்களோட செயல்பாட்ட அதிகமாக்கும், இளமைப் புரதங்கள் உருவாகறதத் தூண்டும்னு போட்டிருந்தாங்க. கடிதத்துல இருந்த குத்தம் "இது பொய்"ங்கறது இல்ல. இப்படிச் சொல்றதால இது மருந்து, மருந்துன்னா அனுமதி எங்கன்னுதான் கேட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 2014ல இன்னொரு அமைப்பு வந்துச்சு, வணிக விளம்பரங்களப் பாக்கற எஃப்.டி.சி. அவங்கதான் லோரியால்கிட்ட, லான்கோம் அவங்களோடதுதான், மரபணு பத்தி நீங்க சொன்னதுக்கு ஆதாரம் போதாதுன்னு சொல்லி, இனிமே தகுந்த ஆதாரம் இல்லாம அப்படிச் சொல்ல மாட்டோம்னு உடன்படிக்கை போட வச்சாங்க. ரெண்டு அமைப்பு, ரெண்டு வேற கேள்வி. ஒருத்தர் எந்த வகைப் பொருளப் பத்திப் பேசுறன்னு பாக்கறாரு, இன்னொருத்தர் நீ சொன்னது நெஜமான்னு பாக்கறாரு. மழுப்பலான வாக்கியம் ரெண்டு பேரோட கைலயும் சிக்காது: உடம்ப மாத்தறேன்னு சொல்லல, அதனால மருந்து இல்ல, அளந்து பாக்கற மாதிரி எதுவும் சொல்லல, அதனால பொய்னு நிரூபிக்கவும் வழி இல்ல. "பொலிவான தோற்றம்"ங்கறத எந்தக் கருவி வச்சு பொய்யாக்குவீங்க?

இதுக்கு நேர் எதிரா மருந்துப் பக்கம் என்ன நடக்கும்னு பாக்க ட்ரெட்டினாயின் எடுத்துக்குங்க. வைட்டமின் ஏ குடும்பம், 1971லயே பருவுக்கு அமெரிக்காவுல அனுமதி வாங்கின மருந்து. 1995ல ரெனோவாங்கற பேர்ல சுருக்கத்துக்கும் அனுமதி கிடைச்சுது. உலகத்துலயே சுருக்கத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கற பூச்சுகள்ல இது ஒண்ணு. அதோட லேபிள்ல "சுருக்கம் போகும்"னு இருக்கும்னு நெனப்பீங்க, இல்ல. வெயில்லேர்ந்து காத்துக்கற வழக்கமும் மத்த பராமரிப்பும் சேந்து இருந்தா, மெல்லிய சுருக்கத்தத் தணிக்க துணையாப் பயன்படும்னு ஆரம்பிச்சு, இது சுருக்கத்த நீக்காது, வெயிலால கெட்டுப்போன தோலச் சரி பண்ணாது, வயசான தோலத் திருப்பி இளமையாக்காதுன்னு பெரிய எழுத்துல போட வச்சாங்க. சோதனையில மருந்தே இல்லாத பேஸ் க்ரீம் பூசின கூட்டத்துலயும் கணிசமானவங்களுக்கு முன்னேற்றம் தெரிஞ்சுதுங்கறதையும் அட்டவணை போட்டுக் காட்டணும். ஆக நிரூபிச்ச மருந்து "நான் இதெல்லாம் செய்ய மாட்டேன்"னு சொல்லுது, அதே குடும்பத்துல பலம் கம்மியான ரெட்டினால் போட்ட காஸ்மெடிக் சீரம் பக்கத்து ரேக்ல "காணக்கூடிய இளமை"ன்னு மின்னுது. படிக்கறவங்களுக்கு எது பலமானதாத் தெரியும்? எனக்கு இந்த முறையிலேயே ரொம்ப உறுத்தற இடம் இதுதான்.

அந்த பேஸ் க்ரீம் விஷயத்தக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, ஏன்னா டப்பால வர்ற நம்பரெல்லாம் அதுலதான் உடையும். "4 வாரத்துல 90% பெண்கள் சுருக்கங்கள் குறைஞ்சதா உணர்ந்தாங்க"ன்னு முன்பக்கம் பெருசா இருக்குன்னு வைங்க, பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், பின்னாடி எறும்பு சைஸ்ல "40 பேரின் சுயமதிப்பீடு"ன்னு இருக்கும். நாப்பது பேர்ல முப்பத்தாறு பேர் ஒரு ஃபார்ம்ல "ஒத்துக்கறேன்"னு டிக் அடிச்சிருக்காங்க, அவ்வளவுதான் நடந்தது. அதுல "ஓரளவு ஒத்துக்கறேன்"னவங்களும் சேந்திருக்கலாம். முக்கியமா, ஒப்பிட இன்னொரு கூட்டம் இல்ல. காஞ்சு கெடந்த தோல்ல எந்த மாய்ஸ்சரைசரப் போட்டாலும் மேல்தோல் தண்ணியக் குடிச்சு உப்பும், மெல்லிய கோடு நெரவிடும், வெறும் வாஸ்லினே அதச் செய்யும். அந்த 90ல சீரத்துல போட்ட விலையான சரக்கோட பங்கு எத்தன, வெறும் க்ரீமோட பங்கு எத்தனன்னு பிரிக்கவே முடியாது. மருந்துக்கு அந்தக் கழித்தல் கணக்கக் கட்டாயமாப் போடணும், காஸ்மெடிக்குக்கு வேணாம். கருவி வச்சு அளந்ததா இருந்தாக்கூட, தோல்ல மின்சாரத்த வச்சு ஈரப்பதத்த அளக்கற கருவியாத்தான் பெரும்பாலும் இருக்கும், பூசி முடிச்சதும் ஈரம் கூடித்தான் இருக்கும், அதுல அதிசயம் ஒண்ணுமில்ல.

"டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்"டும் இதே ஜாதி. டெஸ்ட் பண்ணாங்கன்னுதான் அதுல இருக்கு, பாஸ் ஆச்சுன்னு இல்ல, எதுக்கு டெஸ்ட்னும் இல்ல. பெரும்பாலும் அது தோல்ல ஒட்டு போட்டு எரிச்சல் வருதான்னு பாத்த சோதனை. எரிச்சல் வரலங்கறதும் பலன் இருக்குங்கறதும் வேற வேற சங்கதி. "காஸ்மெசூட்டிகல்"னு கொஞ்ச காலமா ஒரு வார்த்தை ஓடுது பாருங்க, அமெரிக்கச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கெடையாது, எழுதினா கூடுதலா ஒரு சோதனையும் செய்ய வேண்டியதில்ல, ஆனா கேக்கறப்ப மருந்துக்கடை ஞாபகம் வரும். லைன் அவே அடிச்ச அதே வாசனை, இந்த வாட்டி ஒரே வார்த்தையில அடைச்சு.

எல்லா மழுப்பலையும் ஏமாத்துன்னு சொல்லிட மாட்டேன், அதுவும் நியாயமில்ல. "வறட்சியைப் போக்கும்"னு கிளிசரின் க்ரீம் சொன்னா அது உண்மை, அது காஸ்மெடிக் எல்லைக்குள்ளயே வர்ற உண்மை. சில பொருளுங்க ரெண்டு பக்கமும் கால வச்சிருக்கும். அமெரிக்காவுல பொடுகு ஷாம்பு, ஃப்ளோரைடு பேஸ்ட், சன்ஸ்க்ரீன் எல்லாம் மருந்துக் கணக்குலயும் வரும், சன்ஸ்க்ரீன் ஐரோப்பாவுல காஸ்மெடிக். அமெரிக்காவுல விக்கற இந்த மாதிரி டப்பா உங்க கைல கெடைச்சா பின்பக்கம் பாருங்க, "மருந்து விவரங்கள்"னு கறுப்புக் கோடு போட்ட கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள்ள இருக்கற வாக்கியம் விதிப்படி எழுதினது, எந்தச் சரக்கு எத்தன சதவீதம், எதுக்குன்னு இருக்கும். கட்டத்துக்கு வெளிய முன்பக்கம் மினுக்கறதெல்லாம் மார்க்கெட்டிங் எழுதி எங்கள மாதிரி ஆளுங்க திருத்தினது.

உங்க சீரம் டப்பா வாசகத்துக்கே வர்றேன். "சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்க உதவுகிறது". "தோற்றத்தை"ய எடுத்துட்டுப் படிங்க, சுருக்கத்தக் குறைக்கும்னு ஆகும், மருந்து. "உதவுகிறது"ய எடுத்துட்டுப் படிங்க, கண்டிப்பா குறையும்னு ஆகும், குறையலன்னா யாராவது ஆதாரத்தக் கேப்பாங்க. ரெண்டையும் வச்சுப் படிச்சா, இத வேற எதோடயாவது சேத்துப் பூசினா கோடு கொஞ்ச நேரம் கம்மியாத் தெரியலாம்னு வரும். மேஜிக் சீக்ரெட் பாட்டில் சொன்னதும் ஏறக்கொறைய அதேதான்.